அஞ்சறைப் பெட்டியை விதைத்துப் பார்த்தபோது

சேரநாட்டுத் துறைமுகமான முசிறியிலிருந்து ரோமுக்கு மிளகு மூட்டை மூட்டையாகப் போய்க்கொண்டிருந்த காலம் பல நூற்றாண்டுகள். அவ்வளவு மிளகு போயும், அங்கே எவரும் அதில் ஒரு பிடியை மண்ணில் போட்டு வளர்த்து, தங்கம் கொடுப்பதை நிறுத்தியதில்லை. மிளகாயின் கதை இதற்கு நேர் எதிர். 1493இல் கொலம்பஸ் திரும்பியபோது ஸ்பெயினுக்கு வந்த செடி, அடுத்த நூற்றாண்டு முடிவதற்குள் ஆப்பிரிக்கா, இந்தியா, சீனா என்று வெப்பமான இடமெல்லாம் பரவிவிட்டது. ஏன் இந்த வேறுபாடு? படித்துத் தெரிந்துகொள்ள முடியும்தான். ஆனால் கையால் செய்து பார்க்கக்கூடிய கேள்வி இது. கப்பலில் போன அதே வடிவில் மசாலாப் பொருள்களை எடுத்து விதைத்துப் பார்த்தால் போதும். எது முளைக்கிறது, எது முளைக்கவில்லை என்பதில் வரலாற்றின் பெரும்பகுதி இருக்கிறது என்று நம்பித்தான் தொடங்கினேன்.

எடுத்துக்கொண்டவை: மிளகு, கிராம்பு, ஜாதிக்காய், கொத்தமல்லி விதை, வெந்தயம், மிளகாய் வற்றல், இஞ்சி, சுக்கு, விரலி மஞ்சள். இவற்றோடு, மிளகுக் கொடி வளர்க்கும் நண்பர் ஒருவரிடம் கேட்டு, கொடியிலேயே சிவந்து பழுத்த மிளகுச் சரங்கள் சிலவும் வாங்கிக்கொண்டேன். அந்தச் சரங்கள்தான் இந்தச் சோதனைக்கு அடிப்படை. அவை இல்லாமல் காய்ந்த மிளகை மட்டும் விதைத்து, அது முளைக்கவில்லை என்றால், மிளகு செத்திருந்ததா, நான் கொடுத்த சூடும் ஈரமும் பொருந்தவில்லையா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

முறை எளியது. ஒரு பங்கு சலவை பிளீச்சில் ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, விதைகளைப் பத்து நிமிடம் அதில் போட்டு, பிறகு நன்றாகக் கழுவ வேண்டும். இதைச் செய்யாவிட்டால் மூன்றாம் நாளே பூஞ்சை எல்லாவற்றையும் மூடிவிடும். பிறகு தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, ஈரத் துணிக்காகிதத்தில் பரப்பி, மூடியுள்ள டப்பாவில் வைக்க வேண்டும். காகிதத்தைப் பிழிந்தால் சொட்டக்கூடாது, தொட்டால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். 25 முதல் 30 டிகிரி வெப்பம் இருக்கும் இடம் தேவை. தினமும் ஒருமுறை மூடியைத் திறந்து காற்று விட வேண்டும். விதை வகைகளில் ஒவ்வொன்றிலும் 20 எடுத்தேன்; ஒவ்வொரு டப்பாவிலும் பெயரை எழுதி ஒட்டினேன். இஞ்சி, சுக்கு, மஞ்சள் மூன்றையும் ஈர மணலில் புதைத்தேன்.

பார்ப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. விதை ஊதிப் பெருப்பது உயிருக்கு அடையாளம் அல்ல. செத்த விதையும் தண்ணீர் குடித்து ஊதும். வெள்ளையாக எதுவோ வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், முளைவேரா பூஞ்சையா என்று பார்க்க வேண்டும். முளைவேர் ஒரே ஒரு இடத்திலிருந்து வரும், விறைப்பாக இருக்கும், இரண்டொரு நாளில் கீழ்நோக்கி வளையும். பூஞ்சை பஞ்சுபோலப் பரவும், ஈரத் தூரிகையால் தொட்டால் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். சந்தேகமாக இருந்தால் விதையை விரலால் அழுத்திப் பார்க்கலாம். உயிருள்ளது உறுதியாக நிற்கும். அழுகியது நசுங்கிப் புளித்த வாடை அடிக்கும்.

முதலில் மிளகு. காய்ந்த மிளகு 20இல் ஒன்றுகூட முளைக்கவில்லை. ஊதின, தோல் கழன்றது, பிறகு உள்ளே மாவாகிப் புளித்தன. நண்பர் கொடுத்த சிவந்த பழங்களில் பாதியைச் சதை நீக்கிக் கழுவி, காயவிடாமல் அப்படியே வைத்தேன். பொறுமை வேண்டியிருந்தது, ஏனென்றால் மிளகு ஒரு மாதத்துக்கு மேலும் எடுத்துக்கொள்ளும். ஆனால் பெரும்பாலானவை முளைத்தன. மீதிப் பாதியை வெயிலில் கறுத்துச் சுருங்கும்வரை காயவைத்து, அதன் பிறகு இதே முறையில் வைத்தேன். எதுவும் வரவில்லை. ஒரே கொடி, ஒரே சரம், ஒரே டப்பா முறை. இடையில் மாறியது ஈரம் மட்டுமே.

காரணம் விதையின் இயல்பில் இருக்கிறது. விதைகளில் இரண்டு வகை உண்டு. நெல், கடுகு, வெந்தயம் போன்றவை நன்றாகக் காய்ந்த பிறகும் கருவை உயிரோடு வைத்திருக்கும். காயக் காய நீண்ட நாள் தாங்கும். மழைக்காட்டுச் செடிகள் பலவற்றின் விதை அப்படி இல்லை. ஈரம் ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் கரு இறந்துவிடும். மிளகு இரண்டாம் வகை. ஈரம் வற்றாத காட்டில் பழம் விழுந்த இடத்திலேயே முளைக்கும் செடிக்கு, உலர்ந்து காத்திருக்க வேண்டிய தேவையே இல்லை.

இதற்கு மேல் மிளகைத் தயாரிக்கும் முறையும் சேர்ந்துகொள்கிறது. சரத்தில் ஒன்றிரண்டு மணிகள் மட்டும் பழுக்கத் தொடங்கும்போதே சரத்தைப் பறிக்கிறார்கள். அப்போது மற்ற மணிகள் பச்சைதான், கரு முற்றியிருக்காது. பலர் அதைக் கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்துத்தான் காயவைக்கிறார்கள். சூட்டில் தோலின் செல்கள் உடைவதால் நொதி வேகமாக வேலை செய்து மணி சீராகக் கறுக்கும். பிறகு ஈரம் 10 முதல் 12 விழுக்காட்டுக்கு வரும்வரை வெயில். 3 கிலோ பச்சை மணி 1 கிலோ மிளகாகும். அதற்கு மேல் ஈரம் இருந்தால் மூட்டைக்குள் பூஞ்சை பிடித்துவிடும். மாதக்கணக்கில் கப்பலின் அடித்தட்டில் கிடக்க வேண்டிய சரக்குக்கு இந்த உலர்ச்சி கட்டாயம். ஆக, கெடாமல் கடல் கடக்க எது தேவையோ அதுவே விதையைக் கொன்றது. விற்றவர்கள் ரகசியம் காக்க வேண்டிய அவசியமே இல்லாமல், மிளகு தன் ரகசியத்தைத் தானே காத்துக்கொண்டது.

இதன் பொருளாதாரத்தை ஒரே ஒரு ஜாடியை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். செங்கடல் ஓரத்தில் எகிப்தின் பெரெனிகே துறைமுகத்தில், கோயில் முற்றத்துத் தரையில் பதித்திருந்த இந்தியத் தயாரிப்புச் சேமிப்பு ஜாடி ஒன்றில் 7.55 கிலோ மிளகு கிடைத்தது. காலம் கி.பி. முதல் நூற்றாண்டு. என்னிடமிருந்த மிளகில் 100 மணியை நிறுத்தேன், 5 கிராம் வந்தது. அந்தக் கணக்கில் ஜாடியில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் மணிகள் இருந்திருக்கும். கொடியிலிருந்து பறித்தபோது அது சுமார் 23 கிலோ பச்சைக் காய். அதே நூற்றாண்டில் வாழ்ந்த ரோம எழுத்தாளர் பிளினி ரோமின் விலைகளைத் தினாரி என்ற வெள்ளிக்காசுக் கணக்கில் குறித்திருக்கிறார்: ஒரு பவுண்டு கருமிளகு 4 தினாரி, வெண்மிளகு 7, திப்பிலி 15. ரோமப் பவுண்டு சுமார் 327 கிராம் என்பதால் அந்த ஜாடி 23 பவுண்டு, ரோம் விலையில் 92 தினாரி. அன்றைய படைவீரனின் ஆண்டுச் சம்பளம் 225 தினாரி. அதாவது ஒரு ஜாடி மிளகு ஒரு வீரனின் ஏறக்குறைய ஐந்து மாதச் சம்பளம். ஆனாலும் ஒரு பவுண்டு என்பது ஆறேழு நாள் சம்பளம்தான், எட்டாத பொருள் அல்ல. மன்னர்களுக்கு மட்டும் உரிய பண்டமாக இல்லாமல் பலரும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கியதால்தான் மொத்தம் அவ்வளவு பெரிதானது. இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் என்ற ரோம நாணயங்களை உறிஞ்சிக்கொள்கிறது என்று பிளினியே அங்கலாய்க்கிறார்.

அரசுக்கும் இதில் பங்கு உண்டு. எகிப்து வழியாக வரும் இத்தகைய சரக்கின் மதிப்பில் நாலில் ஒரு பங்கு சுங்கம். ஒன்றரை லட்சம் மணிகளில் ஒன்று முளைத்து, அந்தச் செடி பெருகியிருந்தால் இந்த ஏற்பாடு முழுவதும் ஆட்டம் கண்டிருக்கும் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. அது சரியாகாது. நிழலும், நல்ல மழையும், உறைபனியே இல்லாத வெப்பமும் கேட்கும் கொடி அது. ரோமின் குளிர்காலத்தில் நிற்காது. ஆகவே இரண்டு பூட்டுகள்: விதை உலர்ந்து சாவது ஒன்று, மண்ணும் வானமும் ஒன்று. வெப்பமண்டலக் கரைகளுக்குள்ளே, உயிருள்ள கொடித்துண்டைக் கொண்டுபோன இடங்களில், இரண்டு பூட்டும் திறந்தன. 16ஆம் நூற்றாண்டில் சுமத்ரா பெரும் மிளகு நாடாக இருந்தது அப்படித்தான்.

அகநானூறு இந்த வணிகத்தை “பொன்னொடு வந்து கறியொடு பெயரும்” என்று நான்கு சொல்லில் சொல்லிவிடுகிறது. பொன் இங்கே தங்கியது, மிளகு அங்கே தீர்ந்தது. அதனால் அடுத்த ஆண்டும் பொன்னொடு வர வேண்டியிருந்தது.

மிளகு மட்டும் போய்ச் செடி போகாததால் அறிவிலும் ஒரு பள்ளம் விழுந்தது. இதை நான் எதிர்பார்க்கவில்லை, ஆனால் டப்பாவில் முளைக்காத மணியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தெளிவாகப் புரிந்தது. அந்த மணியை மட்டும் வைத்துக்கொண்டு செடியைக் கற்பனை செய்யச் சொன்னால் எவராலும் முடியாது. வெட்டிப் பார்த்தால் வெள்ளை மாவும் நடுவில் சிறு பொந்தும்தான். கரு நுனியில் கண்ணுக்கே தெரியாத அளவு. விலையை அவ்வளவு துல்லியமாகச் சொன்ன அதே பிளினி, திப்பிலியும் வெண்மிளகும் கருமிளகும் ஒரே மரத்தின் காயுடைய மூன்று பருவங்கள் என்று எழுதினார். உண்மையில் திப்பிலி வேறு கொடி. கி.பி. 7ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் செவில் நகர ஆயர் இசிதோர், மிளகுக் காட்டைப் பாம்புகள் காப்பதாகவும், அவற்றை விரட்டத் தீ மூட்டுவதால் மிளகு கறுப்பதாகவும் எழுதினார். ஆயிரம் ஆண்டுகளாக வாயில் போட்டுக்கொண்டிருந்த பொருளைப் பற்றி அவ்வளவுதான் தெரிந்திருந்தது. செடியை நேரில் கண்டவர்கள் எழுதத் தொடங்கிய பிறகே இது மாறியது: 1563இல் கோவாவில் போர்ச்சுகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்டாவின் நூல் அச்சானது, 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக மலபாரின் செடிகளைப் பற்றிய ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. அந்தப் பெருநூலுக்கு மூலமான மருத்துவ அறிவைக் கொடுத்தவர்களில் முதன்மையானவர் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர். அதில் அவர் பெயரும் அவருடைய சான்றிதழும் இருக்கின்றன என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

கிராம்புக்குச் சோதனையே தேவையில்லை. பெட்டியில் இருப்பது விரியாத மொட்டு, விதை அல்ல. ஊறவைத்த கிராம்பைக் கத்தியால் நீளவாக்கில் பிளந்தால் தலைக்குள் சுருண்ட மகரந்தத் தாள்கள் தெரியும். பூப்பதற்கே விடாமல் பறித்த ஒன்று முளைக்கப் போவதில்லை. விதை வேண்டுமென்றால் மொட்டை மரத்திலேயே விட்டு, பூத்துக் காய்த்துப் பழுக்கவிட்டு, பழம் விழுந்த கையோடு நட வேண்டும். இந்தோனேசியாவின் வடக்கு மலுக்குத் தீவுகள் சிலவற்றில் மட்டும் இயற்கையாக வளர்ந்த இந்த மரத்தின் மொட்டு, நம் கடற்பரப்பில் இலங்கையின் மாந்தை வரைக்கும் வந்திருக்கிறது. அங்கே அகழ்வில் கிடைத்த ஒற்றைக் கிராம்பு கி.பி. 900க்கும் 1100க்கும் இடைப்பட்டது.

ஜாதிக்காயில்தான் மனிதர்களின் கை தெரிகிறது. ஓட்டோடு கூடிய ஜாதிக்காய் கிடைத்தால் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று சத்தம் வந்தால் உள்ளே பருப்பு காய்ந்து சுருங்கி ஓட்டை விட்டு விலகியிருக்கிறது என்று பொருள், நட்டுப் பயனில்லை. சத்தம் வராதது மட்டுமே நடத் தக்கது. என்னிடமிருந்தவை எல்லாமே ஆடின, ஒன்றும் முளைக்கவில்லை. ஓடு நீக்கி விற்கப்படும் பருப்பின் மேல் சில சமயம் வெள்ளைப் பூச்சு இருக்கும், அது சுண்ணாம்பு. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் ஜாதிக்காயைச் சுண்ணாம்பில் தோய்த்துத்தான் அனுப்பினார்கள். எவரும் நட்டு வளர்த்துவிடக்கூடாது என்பதற்காக என்று இது விளக்கப்படுகிறது. பூச்சிக்கும் அது தடைதான். ஆனால் உலர்ந்த பருப்பு ஏற்கெனவே செத்தது. முளையைத் தடுக்கச் சுண்ணாம்பு அவசியமே இல்லை.

அவர்கள் செய்தது சுண்ணாம்போடு நிற்கவில்லை. ஜாதிக்காய் விளைந்த பாண்டா தீவுகளை 1621இல் யான் பீட்டர்ஸோன் கூன் தலைமையிலான படை பிடித்து, அங்கிருந்த மக்களில் பெரும்பகுதியினரைக் கொன்றும் பட்டினியில் சாகவிட்டும் அடிமையாக்கி அகற்றியும் தீவுகளைக் காலி செய்தது. பிறகு அடிமைகளை வைத்துத் தோட்டம் நடத்தினார்கள். கிராம்பை அம்போன் பகுதிக்குள் ஒதுக்கி, மற்றத் தீவுகளின் மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். சரக்கு முளைக்காது, ஆகவே மரம் நிற்கும் சில தீவுகளைப் பிடித்தால் உலகச் சந்தையையே பிடித்த மாதிரி. இந்தக் கணக்குத்தான் அந்தக் கொடுமைக்குப் பின்னால் இருந்தது. 1770இல் பியேர் புவாவ்ரின் ஏற்பாட்டில் பிரெஞ்சுக்காரர்கள் ஜாதிக்காய், கிராம்பு நாற்றுகளையும் நடுவதற்கேற்ற காய்களையும் மொரிசியஸ் தீவுக்குக் கடத்திக் கொண்டுவந்த பிறகே அந்தப் பிடி தளர்ந்தது. அந்தக் கிராம்பு பின்னர் சான்சிபாருக்குப் போய், 19ஆம் நூற்றாண்டில் அங்கே அடிமைகளின் உழைப்பில் பெருந்தோட்டமாகியது. செடி இடம் மாறியபோது செல்வமும் அதோடு இடம் மாறியது, துன்பமும் மாறியது.

மணலில் புதைத்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இஞ்சியின் கணுக்கண் பச்சையாகப் பருத்துத் தண்டு விட்டது. சுக்கு அழுகியது. மஞ்சளும் அழுகியது, அதை வேகவைத்துத்தான் காயப்போடுகிறார்கள் என்பதால் வியப்பில்லை. இஞ்சி மட்டும் இரண்டு வழியிலும் பயணம் செய்த பொருள். சுக்காகப் போனபோது அது சரக்கு. ஈரக் கிழங்காகப் போனபோது அது நாற்று. 16ஆம் நூற்றாண்டிலேயே ஸ்பானியர்கள் அதைக் கரீபியத் தீவுகளில் பயிராக்கி, அங்கிருந்து ஐரோப்பாவுக்கு ஏற்றிவிட்டார்கள்.

வெந்தயம் இரண்டாம் நாளே முளைவிட்டது. கொத்தமல்லியில் ஒவ்வொரு உருண்டையும் இரண்டு விதை. உள்ளங்கையால் தேய்த்துப் பிளந்து போட்டால் சீக்கிரம் வரும், இரண்டு வாரத்துக்குள் பாதிக்கு மேல் வந்தன. இவை இரண்டும் மத்தியதரைக்கடல், மேற்காசியப் பக்கத்திலிருந்து கிழக்கே வந்தவை. எகிப்தில் துத்தன்காமுனின் கல்லறையில் இரண்டுமே இருந்தன. சமைக்க வாங்கிய மூட்டையிலேயே விதைநெல்லும் இருக்கும் பொருள்கள் என்பதால், இவற்றை எந்தக் கடலும் பிரித்து வைக்க முடியவில்லை.

மிளகாய் வற்றலில் 20 விதைக்கு 17 முளைத்தன. எடுக்கும்போதே பார்த்துப் பொறுக்கினேன்: வெளிர் மஞ்சளாக, தட்டையாக, விறைப்பாக இருப்பவை உயிருள்ளவை. பழுப்பேறியவை பெரும்பாலும் வராது. வெயிலில் காய்ந்த வற்றல் நல்லது; அதிகச் சூட்டில் உலர்த்திய வற்றலில் விதை வெந்திருக்கும், அப்படி ஒரு வகையிலிருந்து தனியாக எடுத்து வைத்தவை முழுக்கத் தோற்றன. முளைக்க ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம்.

இந்த டப்பாவைத்தான் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வற்றலுக்குள் ஐம்பது, நூறு விதை. காய்ந்தே போகலாம், ஆண்டுக்கணக்கில் கிடக்கலாம். மிளகாயின் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்த்துவிடும், எனவே ஒரே ஒரு செடி போதும். சில மாதத்திலேயே காய். கொடியேற மரமும் வேண்டாம், கோடை கிடைத்தால் குளிர்நாட்டுத் தொட்டியிலும் காய்க்கும். அதன் காரம் பாலூட்டிகளின் வாயை எரிக்கும், பறவைகளுக்கு உறைப்பதில்லை; விதையைத் தின்று தூரத்தில் எச்சமிடும் பறவைகள் மனிதர் நடாத இடத்திலும் நட்டன. சமைக்க என்று ஒரு மாலுமி கொண்டுபோன பை, கரையில் இறங்கியதும் தோட்டமாகிவிடும். 1542இல் ஜெர்மானியத் தாவர அறிஞர் லியோன்ஹார்ட் ஃபூக்ஸ் மிளகாய்ச் செடியைப் படத்தோடு அச்சிட்டபோது, அதைக் கோழிக்கோட்டு மிளகு என்றே குறித்தார். கொலம்பஸ் திரும்பி ஐம்பது ஆண்டு ஆகவில்லை, அதற்குள் அது எந்தக் கண்டத்துச் செடி என்பதே மறந்துவிட்டது.

அதனால்தான் மிளகாய்க்காக எந்தத் தீவும் பிடிக்கப்படவில்லை, சுண்ணாம்பு பூசப்படவில்லை, ஆண்டுதோறும் அதைத் தேடித் தங்கக் கப்பல் வரவும் இல்லை. எல்லோரிடமும் விதை இருக்கும் பொருளில் வணிகருக்குத் தொலைதூர லாபம் நிற்காது. உலகின் சமையலை மிளகைவிட ஆழமாக மாற்றியது மிளகாய் என்பது என் கருத்து. பேரரசுகளின் கருவூலத்தை ஆட்டிவைத்தது மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும்தான்.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒன்று: மிளகு வளர்ப்பதே நோக்கம் என்றால் விதையோடு போராட வேண்டாம். விதையில் வந்த கொடி காய்க்கப் பல ஆண்டு ஆகும், தாய்க்கொடியைப் போலவே இருக்கும் என்ற உறுதியும் இல்லை. கொடியின் அடியில் தரையில் ஓடும் தண்டில் இரண்டு மூன்று கணு உள்ள துண்டாக வெட்டி, இலைகளைக் கிள்ளிவிட்டு, ஒரு கணுவாவது மண்ணுக்குள் இருக்கும்படி நட்டு, நிழலில் ஈரம் காயாமல் வைத்தால் வேர்விடும். கிடைத்த சிவப்பு மணிகளில் முளைத்தவற்றை நான் தொட்டிக்கு மாற்றிவிட்டேன். மிளகாய் நாற்றுகள் அதற்குள் பூவெடுத்துவிட்டன. மிளகு இப்போதுதான் இரண்டாவது இலை விடுகிறது.